வரவேற்புக்கு நன்றி, இணைப்பு எங்கே?

பெறுநர்: சர்வதேச ரோமிங் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: ரோமிங் பேக் வாங்கிய பின்னும் கைப்பேசி ஊமையாக இருப்பது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதுமே "சிங்கப்பூருக்கு நல்வரவு" என்று தாங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி கிடைத்தது. அதன் பிறகு வேறெதுவும் கிடைக்கவில்லை. அந்தச் செய்தியில் உதவிக்கு ஓர் இணையச் சுட்டி கொடுத்திருந்தீர்கள். இணையம் இல்லாதவனுக்கு இணையத்திலேயே உதவி வைத்த தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி.

விமான நிலைய வைஃபை வழியாகத் தங்கள் சேவை மையத்தைக் கேட்டேன். "போனை அணைத்துப் போடுங்கள்" என்றார்கள். போட்டேன். "Data Roaming இயக்கத்தில் உள்ளதா?" என்றார்கள். இருந்தது. தங்கள் ஞானம் அத்துடன் தீர்ந்துவிட்டது.

குறுஞ்செய்தி வந்துவிட்டதால், சிம் ஏதோ ஓர் உள்ளூர் நெட்வொர்க்கில் பதிவாகிவிட்டது என்பது தெளிவு. அப்படியானால் எந்த நெட்வொர்க்கில்? இந்தக் கேள்வியைத் தங்கள் மையத்தில் ஒருவரும் கேட்கவில்லை. போன் தானாகவே ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. தங்கள் பேக்கோ ஒப்பந்தக் கூட்டாளியின் நெட்வொர்க்கில் மட்டும்தான் செல்லும். அந்தக் கூட்டாளியின் பெயரை நிபந்தனைகளின் அடியில், எறும்பு படிக்கும் அளவு எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள்.

Network Selection பக்கத்தில் Automatic என்பதை அணைத்து, பட்டியல் வரும்வரை காத்திருந்தேன். Singtel, StarHub, M1 எனப் பெயர்கள் வந்தன. கூட்டாளியின் பெயரைத் தொட்டேன். சற்று நேரத்தில் டேட்டா ஓடத் தொடங்கியது.

அழைப்பு மட்டும் போகவில்லை. சிங்கப்பூர் 2017இல் 2ஜியையும் 2024இல் 3ஜியையும் மூடிவிட்டது. அங்கே ரோமிங்கில் இனி பெரும்பாலும் 4ஜி வழியாகத்தான் பேச முடியும். அதற்கு என் போனில் வோல்ட்இ இருந்தால் மட்டும் போதாது, வோல்ட்இ ரோமிங்குக்கென்று தாங்களும் அந்தக் கூட்டாளியும் தனியே ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் டேட்டா ஓடும், குறுஞ்செய்தியும் வரலாம், அழைப்பு மட்டும் செத்துக் கிடக்கும். அந்த நிலையில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பயன் இல்லை. ஆனால் பேக்கில் "100 நிமிட அழைப்பு" என்று தாங்கள் அருளியிருந்தீர்கள். அத்தனை நிமிடமும் செலவாகாமல் பத்திரமாக இருக்கிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆகவே ஐயா, பேக்கை விற்கும்போதே, அந்த நாட்டில் அழைப்பு போகுமா என்பதையும் சொல்லிவிடுங்கள். வரவேற்புச் செய்தியிலேயே கூட்டாளி நெட்வொர்க்கின் பெயரைப் போடுங்கள். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள்தாம் அடங்கும் என்பதை அறிவேன். இடம் போதாவிட்டால், "இனிய பயணம் அமைய வாழ்த்துகள்" என்ற வரியை எடுத்துவிடலாம். யாரும் வருந்த மாட்டோம்.

இப்படிக்கு,
தங்கள் முன்கட்டண வாடிக்கையாளன்