முடிஞ்ச ஜாமீனுக்குக் காவல் எதுக்கு, தம்பி?

பேங்குல முப்பதாயிரம் வெள்ளிய வச்சிக்கிட்டு, பாயான் பாரு பசார்ல கோப்பி ஓ குடிச்ச காசுக்கு அடுத்தவன் முகத்தப் பாக்குற ஒரே பணக்காரன் நீதான் தம்பி. கேட்டா, "ஜாமீன் முடிஞ்சிருச்சு அங்கிள், பேங்குக்காரனே விட்டுருவான்"னு சொல்ற. நல்ல நம்பிக்கை. என் காலத்துல தோட்டத்துக் கிராணியவே யாரும் இந்த அளவுக்கு நம்பினதில்ல.

பேங்கு உன்னை ஏமாத்துதுன்னு நான் சொல்லல. அதுக்கு அவ்வளவு அக்கறை கிடையாதுன்னுதான் சொல்றேன். ஜாமீன் பத்திரம் எழுதினது ஒரு பிரிவு, உன் எஃப்.டி.யில லியன் போட்டது இன்னொரு பிரிவு. பத்திரம் காலாவதியானா முதல் பிரிவோட கம்ப்யூட்டருக்குத் தெரியும். இரண்டாவது பிரிவுக்கு ஆளு போய்ச் சொல்லணும், அதுவும் காகிதத்தோட. மாடு கிழமாகிப் பால் வத்திப்போனாலும், கட்டின கயிறு தானா அவுந்துக்குமா? அவுக்குறதுக்குக் கை வேணும். அந்தக் கை நீதான்.

இப்ப உன் கதையையே எடுத்துக்குவோம். 2023 ஜூலை 1 முதல் 2024 ஜூன் 30 வரைக்கும் அரசாங்கக் கட்டடத்துக்குத் துப்புரவுக் குத்தகை எடுத்த. மொத்தம் ஆறு லட்சம் வெள்ளி. சேவைக் குத்தகை அஞ்சு லட்சத்தைத் தாண்டினா அஞ்சு விழுக்காடு பொன் பெலாக்சானான் கட்டணும்ங்கிறது கருவூல விதி. அதுதான் முப்பதாயிரம். கையில ரொக்கமா கட்டாம பேங்கு ஜாமீனா கொடுத்த. பேங்கு சும்மா ஜாமீன் நிக்குமா? அதே முப்பதாயிரத்தை உன்கிட்ட எஃப்.டி.யா வாங்கி, லியன்னு ஒரு பூட்டுப் போட்டுச்சு. ஆக உன் காசுக்கு நீயே ஜாமீன், நடுவுல அவனுக்குக் கமிஷன். இதுக்குப் பேருதான் வியாபாரம்.

2024 ஜூலையில நீ பேங்குக்குப் போனப்ப "முடியாது"ன்னானே, அப்ப நீ இந்தப் பினாங்குத் தீவு முழுக்கக் கேக்குற மாதிரி அவனைத் திட்டின. அந்த ஒரு விசயத்துல அவன் சொன்னதுதான் சரி. குத்தகை முடியிற தேதி வேற, ஜாமீன் முடியிற தேதி வேற. குத்தகை முடிஞ்சு இன்னும் 12 மாசத்துக்கு அந்த ஜாமீன் செல்லும். நீ போட்ட மெழுகு வழுக்கி யாராவது விழுந்தாலும், வேலைக்காரனுக்குச் சம்பளப் பாக்கி நின்னாலும், அதுக்காக அந்த அவகாசம். ஆக, உன் ஜாமீன் செத்த தேதி 2025 ஜூன் 30. பத்திரத்தோட நகலை எடுத்து அந்தத் தேதியை முதல்ல வாசி. கோரிக்கை வைக்கத் தனியா ஒரு கடைசித் தேதி போட்டிருக்கான்னும் பாரு. அரசாங்கம் அதுக்கு முன்னாடியே எழுதி நீட்டிக்கச் சொல்லியிருந்தா, தேதி நகர்ந்திருக்கும். அதையும் கேட்டுக்க. இது எதையும் பாக்காம கவுண்டர்ல போய்ச் சத்தம் போடுறவனுக்கு, அந்தப் பொண்ணு நம்பர் சீட்டு ஒண்ணைக் கொடுத்துச் சிரிக்கும். அவ்வளவுதான் கிடைக்கும்.

தேதி தாண்டிருச்சா? நல்லது. இப்ப மூணு காகிதம் வேணும். முதலாவது, ஜாமீன் பத்திரத்தோட அசல். அது பேங்குல இருக்காது, உன் வீட்டு அலமாரியிலயும் இருக்காது. குத்தகை கொடுத்த அலுவலகத்துல ஏதோ ஒரு ஃபைலுக்குள்ள தூங்கிக்கிட்டிருக்கும். இரண்டாவது, அதே அலுவலகத்துல இருந்து சூராட் பெலெபாசான்: "வேலை முடிஞ்சது, எங்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்ல, ஜாமீனை விடுவிக்கலாம்"னு. மூணாவது, உன் கம்பெனி தலைப்புத் தாள்ல நீ எழுதுற கடிதம், கையெழுத்துப் போடுற உரிமை உனக்கு உண்டுங்கிற இயக்குநர் தீர்மானத்தோட. எஃப்.டி. உன் அம்மா பேருல போட்டிருந்தா அம்மா கையெழுத்தும் வேணும். "நான்தானே மகன்"னு அங்க போய்ச் சொல்லாத, அவங்க குடும்பப் படம் பாக்குறதில்ல.

அசல் காணாமப் போச்சுன்னா பயந்துடாத. பெரும்பாலான பத்திரத்துல "திருப்பிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இந்தத் தேதிக்கு மேல் செல்லாது"ன்னு ஒரு வரி இருக்கும். அது இருந்தா விரல் வச்சுக் காட்டு. இல்லன்னா, அந்த அலுவலகத்தோட விடுவிப்புக் கடிதமும், நாளைக்கு ஏதாச்சும் வந்தா நான் பொறுப்புன்னு நீ எழுதுற உறுதிமொழியும் கேப்பான். கொடுத்துட்டு வா.

இனிமேதான் சூட்சுமம். கடிதத்துல "லியனை எடுங்க"ன்னு மட்டும் ஒரு வரி எழுதிட்டு நிம்மதியா தூங்கப் போறவன் நிறையப் பேரு. நாலு விசயம் கேக்கணும். இன்ன நம்பர் ஜாமீனை ரத்து செய். அந்த ஜாமீனுக்காகக் கொடுத்த வசதியையே, அதான் அந்த முப்பதாயிரம் லிமிட்டையே, ரத்து செய். இன்ன நம்பர் எஃப்.டி.யில இருக்குற லியனை எடு. அடமானப் பத்திரத்தையும் செட்-ஆஃப் கடிதத்தையும் விடுவிச்சு எனக்கு எழுத்துல கொடு. இரண்டாவதை விட்டா என்ன ஆகும்னு கேளு. ஜாமீன் போயிருக்கும், ஆனா லிமிட் உயிரோட இருக்கும். "நாளைக்கு நீங்க இன்னொரு ஜாமீன் கேக்கலாமே"ன்னு உன்மேல பாசம் காட்டி, எஃப்.டி.யைப் பிடிச்சே வச்சிருப்பான். இப்படிப்பட்ட பாசம் பெத்த தாய்கிட்ட கூடக் கிடைக்காது.

அது மட்டுமில்ல. நீ கையெழுத்துப் போட்ட காகிதத்தை வாசிச்சியா? போட்டப்ப வாசிக்கல, தெரியும். அதுல இந்த எஃப்.டி. இந்த ஒரு ஜாமீனுக்கு மட்டும்னு இருக்கா, இல்ல "வாடிக்கையாளர் தரவேண்டிய எல்லாப் பணத்துக்கும்"னு இருக்கா? இரண்டாவது மாதிரி இருந்தா, அதே பேங்குல உன் கம்பெனி ஓவர்டிராப்டுல பாக்கி நிக்குற வரைக்கும் பூட்டு அவுக்கமாட்டான். ஒப்பந்தத்துல எதிர்மாறா ஒண்ணும் எழுதலன்னா, 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தோட 171-ஆம் பிரிவும் பேங்குக்காரனுக்கு அந்தப் பிடிப்புரிமையைக் கொடுக்குது. அதனால லியன் எந்தக் கணக்குக்கு நிக்குதுன்னு எழுத்துல கேளு. கமிஷன் பாக்கி நாப்பது வெள்ளி இருந்தாலும் கட்டித் தொலை. அந்த நாப்பதுக்காக முப்பதாயிரம் தொங்கும்.

இப்ப தேதிக் கண்ணி. உன் எஃப்.டி. ஒவ்வொரு வருசமும் ஜூன் 20-ஆம் தேதி தானா புதுப்பிக்குது. ஜாமீன் முடிஞ்சது ஜூன் 30. பத்தே நாளுக்கு முன்னாடி, யாரும் கேக்காமலே, இன்னொரு 12 மாசத்துக்கு அது உருண்டு போயிருச்சு. 2019 ஜனவரி 1 முதல், தவணைக்கு முன்னாடி எஃப்.டி.யை உடைச்சா வட்டி கொடுக்குறதைப் பேங்குகள் நிறுத்திருச்சு. முந்தி மூணு மாசம் தாண்டினா பாதி வட்டியாவது கிடைக்கும், அதுவும் போச்சு. வட்டி 2.5 விழுக்காடுன்னு வை, வருசத்துக்கு 750 வெள்ளி. ஆகஸ்ட் 10-ல லியன் எடுபட்டு அன்னைக்கே உடைச்சா, நூறு வெள்ளி போல வட்டிய விட்டுட்டுப் போறே. ஒரு வருசம் காத்திருந்தா வட்டி வரும், ஆனா அந்தப் பணம் உனக்கு இப்ப வேணும். இதுக்கு மருந்து முன்கூட்டியே போடணும்: ஜாமீன் முடியப் போற வருசத்துல, எஃப்.டி. புதுப்பிக்கிறதுக்கு முன்னாடி, "அடுத்த தடவை ஒரு மாசத் தவணையா போடு"ன்னு பேங்குக்குக் கடிதம் கொடு. லியன் இருக்குறப்பவும் பேங்கு இதுக்குச் சம்மதிக்கலாம். வட்டி கொஞ்சம் குறையும், ஆனா எந்த மாசமும் கையில காசு வரும். இந்தத் தடவை உனக்கு அது தெரியல. அடுத்த குத்தகையில தெரிஞ்சுக்க.

பெரிய கம்பெனிக்காரனுக்கு இந்தத் தலைவலி இல்லைன்னு நினைக்காத. இந்தியாவுல எல் அண்ட் டி கம்பெனி பஞ்சாப் நேஷனல் பேங்கை டெல்லி உயர்நீதிமன்றத்துக்கு இழுத்துச்சு. பேங்கு என்ன சொல்லுச்சுன்னா, ஜாமீன் முடிஞ்சாலும் கோரிக்கை வைக்க இன்னும் குறைஞ்சது 12 மாசம் விடணும்னு. அதுவரைக்கும் கமிஷனும் கட்டணும், ஈடும் பிடிபட்டே இருக்கணும். 2021 ஜூலையில நீதிபதி, சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை, கோர்ட்டுக்குப் போற காலத்தையும் பேங்குல கோரிக்கை வைக்கிற காலத்தையும் போட்டுக் குழப்பாதேன்னு தீர்ப்புச் சொன்னாரு. அது அந்த ஊரு சட்டம், இங்க கட்டுப்படுத்தாது. ஆனா பேங்கு சொல்றது எல்லாம் சட்டமில்ல, சிலது வெறும் வழக்கம்னு தெரிஞ்சுக்க அது போதும். உன் பேங்கும் "எங்க பாலிசி"ன்னு சொன்னா, எந்தப் பத்திரத்துல எந்த வரின்னு மரியாதையா எழுத்துல கேளு.

காகிதம் எல்லாம் கொடுத்தப்ப பிரதியில முத்திரையும் தேதியும் வாங்கிக்கிட்டியா? அந்த முத்திரைதான் பின்னாடி உனக்காகப் பேசும். ரெண்டு வாரம் பாரு. வாயே திறக்கலன்னா கிளை மேலாளருக்கு, அப்புறம் பேங்கோட புகார்ப் பிரிவுக்கு எழுது. 60 நாள் ஆகியும் பதில் இல்லன்னா, இல்ல வந்த இறுதிப் பதில் பிடிக்கலன்னா ஆறு மாசத்துக்குள்ள, எஃப்.எம்.ஓ.எஸ்.ங்கிற நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். 2025 ஜனவரி முதல் அந்தப் பேருல நடக்குது. தனியாளும் சின்னக் கம்பெனிக்காரனும் போகலாம், இரண்டரை லட்சம் வெள்ளி வரைக்கும் பாக்கும், கட்டணம் இல்ல. ஆனா பேங்குகிட்ட முறைப்படி கேக்காம நேரா அங்க ஓடினா, "முதல்ல பேங்குக்குப் போ"ன்னு திருப்பி அனுப்பும். புகார் சொல்லுறதுக்கும் ஒரு வரிசை உண்டு தம்பி.

லியன் எடுத்தாச்சுன்னு போன்ல சொன்னா நம்பாத. கடிதம் வாங்கு, ஃபோன் ஆப்பைத் திறந்து எஃப்.டி. பக்கத்துல லியன், ஹோல்டுன்னு எதுவும் நிக்குதான்னு நீயே பாரு. அடுத்த ரெண்டு மாசத்துக்குக் கணக்குல ஜாமீன் கமிஷன் பிடிக்கிறானான்னும் கவனி. பிடிச்சா, எவனோ ஒரு பிரிவுல உன் ஜாமீனை இன்னும் உயிரோட வச்சிருக்கான்னு அர்த்தம்.

எல்லாம் முடிஞ்சப்புறம், இதுவரைக்கும் உன் பேரைக்கூடச் சரியா கூப்பிடாத அதே ஆபீசர் சிரிச்சிக்கிட்டே எழுந்து வருவான். "இந்த முப்பதாயிரத்துக்கு அருமையான காப்புறுதித் திட்டம் ஒண்ணு இருக்கு, அஞ்சு வருசம்தான்"ம்பான். அந்தக் காகிதத்தையாவது கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி வாசி. வாசிக்கத் தெரியலன்னா பசார் பக்கம் வா, கோப்பி நீ வாங்கிக் கொடு, நான் வாசிச்சுச் சொல்றேன்.