ஐந்து எண்ணுங்கள், உம்மா!

கேள்வி: மகனுக்கு இரண்டேகால் வயது, பேசுவது பத்துச் சொல்தான். பேச்சுச் சிகிச்சையாளர் தந்த வீட்டுப் பயிற்சித் தாளில் ‘காத்திருங்கள்’ என்றிருக்கிறது. நானும் வாயை மூடினால் வீட்டில் யார்தான் பேசுவது?
– ஓர் உம்மா, புல்மோட்டை

பதில்: வாப்பா பேசட்டுமே! பிள்ளை பிஸ்கட் டின்னைக் காட்டியதும் நீங்கள் எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். விரலே வேலையை முடித்தால் நாக்குக்கு என்ன அவசரம்? டின்னைக் கையில் பிடித்து, அவன் முகத்தைப் பார்த்து, மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள்; தாள் சொல்லும் காத்திருப்பு அவ்வளவுதான். ‘பி’ என்றாலும் போதும், ‘பிஸ்கட்!’ என்று சொல்லிக் கொடுங்கள். சத்தமே வராவிட்டாலும் நீங்களே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். ‘சொன்னால்தான் தருவேன்’ என்றால் அழுகைதான் வளரும்.

அவன் ‘மீன்’ என்றால் ‘பெரிய மீன்’ என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். ‘இது என்ன, அது என்ன?’ என்று பரீட்சை வைக்க வேண்டாம். பள்ளிக்கூடம் வந்ததும் அதை வாத்தியார்மார் பார்த்துக்கொள்வார்கள்.

தாளால் மட்டும் முடியாதது ஒன்றுண்டு: காது. சத்தத்துக்குத் திரும்புகிறான் என்றாலும், கேட்கும் திறனைச் சோதிக்காமல் விடாதீர்கள். பேசிய சொற்கள் மறைந்தாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டாலோ, அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.