துபாசிப் பேராண்டிக்கு ஒரு வார்த்தை

வாடா பேராண்டி, குந்து. காடாம்புலியூருக்குப் பருப்பு ருசி பாத்து எடுக்க வர்ற வெளிநாட்டு வியாபாரிக்கு நீதான் துபாசியாமே? காலையிலேருந்து உங்க ஆத்தா தெரு முழுக்கச் சொல்லிக்கிட்டுப் போறா. சிதம்பரத்துல மூணு வருசம் இங்கிலீசு படிச்சிருக்க, சந்தோசம். முந்திரிப் பருப்புக்கு அந்த இங்கிலீசு புரியுமான்னுதான் எனக்கு ரோசனையா இருக்குது.

நான் கொட்டாயில கணக்கு எழுதினவன்டா. உன்னாட்டம் ஒரு துபாசி வந்தப்ப நடந்த கூத்தை இந்தக் கண்ணால பாத்தேன். ஊரும் வேணாம், பேரும் வேணாம். பையனுக்குச் சட்டையில நல்ல மடிப்பு, பேச்சுல நல்ல ஓட்டம். மேசை மேல அஞ்சாறு தட்டு. வந்தவன் முதத் தட்டைக் காட்டி ‘டபிள்யூ 320’ன்னான். நம்ம பிள்ளை உடனே, “கிலோவுக்கு 320 பருப்பு கேக்கறாரு”ன்னுட்டான். மொதலாளிக்கு மூச்சு நின்னுபோச்சு. ஏன்னு சொல்லு பாப்போம்? உனக்கும் தெரியாதா! நல்லாப் படிச்ச போ.

அந்த 320 கிலோ கணக்கு இல்லடா, பவுண்டு கணக்கு. ஒரு பவுண்டுன்னா 454 கிராம். அதுல 300லேருந்து 320 முழுப் பருப்பு நின்னா அந்தத் தரம். கிலோவுக்குப் போட்டா 660லேருந்து 706 வரும். கிலோவுக்கு 320தான்னா அது டபிள்யூ 180ஐயும் தாண்டின, யானைத் தந்தமாட்டம் பெரிய பருப்பு. சந்தையில சாதாரணமா ஓடுற சரக்கோட வெலைக்கு ராசாப் பருப்பைக் கொடுக்கச் சொன்னா எவன் கொடுப்பான்?

அளவைக் கேக்காம விட்டா என்னாகும்னு நம்ம தேவனாம்பட்டினத்தைக் கேளு. 1690ல இங்கிலீசுக்காரன் அந்தக் கோட்டையை வாங்கினப்ப, பீரங்கிக் குண்டு போய் விழுற தூரம் வரைக்கும் ஊரெல்லாம் அவனுக்குன்னு பேச்சு. எந்த பீரங்கின்னு வித்தவன் கேக்கல. அவன் மெட்ராசுலேருந்து தூரமாச் சுடுற பீரங்கியாக் கொண்டாந்து சுட்டான். குண்டு விழுந்த கிராமம் எல்லாம் போச்சு. அன்னிக்கும் நடுவுல ஒரு துபாசி நின்னிருப்பான், உன்னாட்டமே தலையை ஆட்டிக்கிட்டு.

சரி, கூத்துக்கு வர்றேன். ரெண்டாவது தட்டு. வந்தவன் ‘ஸ்கார்ச்சுடு’ன்னான். பையன் அகராதியை முழுங்கினவன்ல, “கருகிப்போன பருப்பு வேணுமாம்”ன்னான். மொதலாளி கொதிச்சிட்டாரு: “எங்க கொட்டாயில எதுடா கருகிச்சு?” உன் பாட்டி கொத்சுக்குக் கத்தரிக்காயைத் தணல்ல சுடறா. அதைக் கருகினதுன்னு சொல்லிப் பாரேன், கரண்டி பறந்து வரும். நம்மகிட்ட சுட்டதுக்கு ஒரு வார்த்தை, செவந்ததுக்கு ஒண்ணு, தீஞ்சதுக்கு ஒண்ணு, அடிப்பிடிச்சதுக்கு ஒண்ணு இருக்குது. கொட்டாயி ‘ஸ்கார்ச்சுடு’ இதுல எதுவும் இல்ல. வறுக்கறப்பவோ காயவைக்கறப்பவோ சூடு கொஞ்சம் தூக்கி, நெறம் லேசாச் செவந்த முழுப் பருப்பு, அம்புட்டுதான். ருசியில கொறை கிடையாது, வெலைதான் ஒரு படி கீழ. சாக்குலயே எஸ்டபிள்யூன்னு போட்டிருந்துச்சு. பையன் வாயை மூடிக்கிட்டு அதை விரலால காட்டியிருந்தாப் போதும்.

இதுக்கே சிரிக்கறியே, ‘டெசர்ட்’னு ஒரு தரம் இருக்குது, அதைக் கேளு. பையன் அதை “இனிப்புப் பருப்பு”ன்னுட்டான். தோல் உரிக்கிற பொம்பளைங்க சிரிச்ச சிரிப்புல தட்டே ஆடுச்சு. அது கறுப்புப் புள்ளி விழுந்தது, சுருங்கினது, நெறம் ரொம்ப எறங்கினது. முழுசுங்கற பெருமை மட்டுந்தான் அதுக்கு மிச்சம். இந்தத் தரப் பேரையெல்லாம் தமிழ்ப்படுத்தற வேலையே உனக்கு வேணாம்டா. வியாபாரிக்கும் தெரியும், மொதலாளிக்கும் தெரியும். நடுவுல தெரியாதவன் நீ ஒருத்தன்தான். அப்படியே சொல்லிட்டு நகந்துக்க.

நாக்கு சொல்ற வார்த்தை அப்படி இல்ல. அங்கதான் உன் சம்பளமே. வந்தவன் மூணாவது தட்டுல ஒரு பருப்பை ஒடிச்சு மோந்தான், மென்னான், மூஞ்சியைச் சுளிச்சு ‘பெயின்ட்டி’ன்னான். பையன் என்னா சொல்லியிருப்பான்? “பருப்புக்குப் பெயின்ட் அடிச்சிருக்கீங்களாம்!” மொதலாளி சட்டையைக் கழட்டாத கொறை.

பருப்புல பாதிக்குக் கொஞ்சம் கொறைவா எண்ணெய்தான்டா இருக்குது. அது காத்துப் பட்டுக் கெட ஆரம்பிச்சா அவன் ஊருல பெயின்ட்டும்பான், அட்டைப்பெட்டிம்பான். நம்மூருல சிக்கு வாடை. பழைய எண்ணெய்ச் சட்டியைத் தொறந்தா வருமே, அது. இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தா உரிக்கிற பொம்பளைக்குக் கூட வெளங்கியிருக்கும். ஆனா அவன் ‘அட்டைப்பெட்டி’ன்னா மட்டும் அவசரப்பட்டு எதையும் சொல்லிடாத. எண்ணெய் கெட்ட வாடையையும் அப்படிச் சொல்லுவான், நெசமாவே பெட்டி வாடை ஏறியிருந்தாலும் அப்படித்தான் சொல்லுவான். “மோக்கறப்பவா, முழுங்கின பொறவா?”ன்னு அவனையே திருப்பிக் கேளு. வெறும் பெட்டியை ஒருக்கா மோந்து பாக்கச் சொல்லு. அப்புறம் அதே சரக்குல வேற ரெண்டு பொட்டலம் பிரிக்கச் சொல்லு. ஒண்ணுல மட்டும் வாடைன்னா பொட்டலத்துல காத்துப் பூந்திருக்குது. எல்லாத்துலயும் அடிச்சா சரக்கே பழசு. அன்னிக்கு நாந்தான் எழுந்து போய் வேற ரெண்டைப் பிரிச்சேன். வாடையே இல்ல. மொதப் பொட்டலம் மட்டும் தொளதொளன்னு இருந்துச்சு, காத்தை உறிஞ்சி ஒட்டினது எப்பவோ விட்டுப்போச்சு.

அப்புறம் கசப்பு, துவர்ப்பு. இங்கிலீசு படிச்சவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான் போலருக்கு. மென்னுட்டு நாக்கு சுருங்குது, வாய் வறளுதுன்னு அவன் சொன்னா அது துவர்ப்பு. பருப்பு மேல செவப்புத் தோல் ஒட்டிக்கிட்டு நின்னுருக்கும், இன்னொரு தடவை பொறுக்கினா சரியாயிடும். அதைப் போயி நீ கசப்புன்னா, கெட்ட சரக்குன்னு மூட்டையையே ஒதுக்கிடுவாங்க. ஒதட்டுல எரிச்சல்னு சொன்னா அதைக் காரம்னு சொல்லிடாத, மொளகாயைத் தேடுவாங்க. ஓட்டுல இருக்கிற எண்ணெய் பருப்புல பட்டிருக்குது, அந்தத் தட்டை அப்பவே எடுத்துடச் சொல்லு.

வெளங்கலைன்னா வெளங்கலைன்னு சொல்லு. ரெண்டு பேரும் கொறைவா நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும், எப்படியும் நெனக்கத்தான் போறாங்க.

போறப்ப அத்தர் கித்தர் பூசிக்கிட்டுப் போகாத. அந்த மேசையில உன் வாசனைக்கு வெலை கெடையாது. பாட்டி காப்பி நீட்டுவா, வாங்காத. தட்டுக்குத் தட்டு வெறுந்தண்ணி மட்டும் குடி. அந்தச் சட்டைப்பையில வெத்தலப் பொட்டலம் தெரியுதே, அதை இப்படி வை, நான் பத்திரமாப் பாத்துக்கறேன். சாயங்காலம் தட்டுல மிஞ்சினதைத் துண்டுல முடிஞ்சு எடுத்தா. டபிள்யூ 180ஆப் பாத்து எடு.