திரும்பி வரட்டுமோ, ஐயா?

மூன்று வருடத்துக்கு முன் கணக்கு வேலையை விட்டுக் கொழும்புக்குப் போனேன். இப்ப பழைய முதலாளியிட்டையே திரும்ப விருப்பம். ‘வேறெங்கும் கிடைக்கேல்லை, அதுதான் வாறார்’ எண்டு நினைக்காதபடி என்ன எழுதுறது?
— வாசகர், கோப்பாய்

எழுதியதில் அவர் பெயரை எடுத்துவிட்டுப் பக்கத்துக் கடை முதலாளியின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்துகிறதா? கிழித்துவிடுங்கள்.

‘ஏதாவது வேலை இருக்கோ’ என்று கேட்டால் நீங்களும் ‘ஏதாவது ஆள்’தான். இப்படி எழுதலாம்: “ஐயா, கிளிநொச்சியிலும் கிளை திறந்திருக்கிறியள் எண்டு அறிஞ்சன். இரண்டு கிளையின்ர கணக்கை ஒண்டாப் பார்க்கிற வேலையைத்தான் கொழும்பில மூண்டு வருசம் செய்தன். அதை உங்களிட்டைச் செய்ய விருப்பம். இஞ்ச ஒரு மாத முன்னறிவித்தல் குடுக்கவேணும். ஞாயிறு வந்து கதைக்கலாமோ?” கொழும்பு வேலை போயிருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், ஊர்வாய் உங்களை முந்திவிடும்.

சேரும்போது பழைய சேவைக்காலம் கணக்கில் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் ஐந்து வருட சேவையை எதிர்பார்க்கிறது. விலகிப்போய் வந்தவருக்கு அது பொதுவாகத் திரும்பச் சேர்ந்த முதலாம் நாளிலிருந்தே தொடங்கும்.