கடற்கரைக் கோயிலை அறுபது அடிக்குக் கொண்டுவருவது எப்படி?

முதலில் விடையைத் தெரிந்துகொள்ளுங்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் பெரிய விமானம் சுமார் 60 அடி உயரம். விடை கையில் இருந்தால், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸிலேயே சர்வே ரெக்கார்டு நோட்டை எழுதி முடித்துவிடலாம். ஆனால் சார் கருவியைக் காட்டச் சொல்வார். அதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

கிளினோமீட்டருக்கு ஜியாமெட்ரி பாக்ஸிலிருக்கும் பாகைமானி, ஒரு ஸ்ட்ரா, கொஞ்சம் நூல், ஒரு நட்டு போதும். பாகைமானியின் நேர் விளிம்பில் ஸ்ட்ராவை ஒட்டுங்கள். அந்த விளிம்பின் நடுப்புள்ளியிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நுனியில் நட்டைக் கட்டுங்கள். வளைந்த பக்கம் கீழே இருக்கட்டும். நேர்மட்டமாகப் பார்த்தால் நூல் 90-இல் நிற்கும். கலசத்தைப் பார்க்கும்போது 60-இல் நின்றால் ஏற்றக்கோணம் 30, ஏனென்றால் 90-இலிருந்து கழிக்க வேண்டும். கழிக்காமல் 60 என்றே எழுதினால் கோயில் தென்னை மரத்தையும் தாண்டி வளரும். பல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சார்தான் கோபிப்பார்.

ஸ்ட்ரா கோணலாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க மாமல்லபுரத்தில் இலவச ஏற்பாடு ஒன்று உண்டு. கரையில் நின்று, கடலும் வானமும் சேரும் கோட்டை ஸ்ட்ரா வழியாகப் பாருங்கள். நின்ற உயரத்துக்கு அந்தக் கோடு மட்டத்திலிருந்து கீழே இறங்கும் அளவு ஒரு டிகிரியில் சிறு துண்டுதான், பாகைமானிக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே நூல் 90-இல் நிற்க வேண்டும். 88-இல் நின்றால், இனிமேல் படிக்கும் ஒவ்வொரு அளவோடும் 2 கூட்ட வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டியே நிற்கலாம்.

அடுத்தது காற்று. நட்டு ஊஞ்சலாடும். கனமான நட்டாக மாட்டி, அதை ஒரு டம்ளர் தண்ணீரில் அமிழ்த்தினால் ஆட்டம் அடங்கும். ஒருவர் பார்க்க, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று படிப்பதுதான் முறை. அவசரக்காரர்களுக்கு: நூல் வேண்டிய கோணத்துக்கு வரும்போது கட்டைவிரலால் அமுக்கிவிடுங்கள்.

இனி அளவு. 45 டிகிரி காட்டும் இடத்தில் நின்றால் தூரமும் உயரமும் சமம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். கலசம் 45 காட்டும் இடத்திலிருந்து மேடை விளிம்புவரை டேப் பிடித்தால் சுமார் 30 அடி வரும். கண்மட்டத்துக்கு 5 அடி கூட்டினால் கோயில் 35 அடிதான்! மீதி 25 அடி எங்கே போனது? கலசம் விளிம்புக்கு மேலே இல்லை. சுமார் 50 அடிச் சதுர மேடையின் நடுவில், கட்டடத்துக்கு உள்ளே இருக்கும் புள்ளிக்கு நேர் மேலே இருக்கிறது. அங்கே டேப்பின் நுனியைக் கொண்டுபோக முடியாது.

இதற்கு மாற்று, இரண்டு இடங்களில் நின்று பார்ப்பது. 45 காட்டிய இடத்திலிருந்து அதே நேர்கோட்டில், மட்டத் தரையில் 40 அடி பின்னால் போங்கள். கோணம் 30 ஆகியிருக்கும். கணக்கு:

h = 40 ÷ (cot 30° − cot 45°) = 40 ÷ 0.732 = 54.6

கண்மட்டம் 5 அடி சேர்த்தால் 59.6. அடித்தளத்தைத் தொடாமலே அறுபதுக்கு வந்துவிட்டோம். ஆனால் 30-ஐ 31 என்று படித்தால் 65 அடி, 29 என்று படித்தால் 55 அடிக்குக் கொஞ்சம் குறைவு. நம் பாகைமானியில் ஒரு டிகிரி தவறுவது சர்வசாதாரணம். எனவே ரெக்கார்டில் ‘59.64’ என்று தசமத்தோடு எழுதுங்கள். இரண்டு தசம இடங்களைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

பின்னால் போக இடமில்லாமல் வேலியோ கடலோ தடுத்தால் தியோடலைட் வேண்டும். முழுவட்டப் பாகைமானியைப் பலகையில் ஒட்டி, நடுவில் ஒரு போல்ட்டில் கிளினோமீட்டரைச் சுழலவிட்டால் ஏழைக்கேற்ற தியோடலைட் தயார். பக்கவாட்டில் ஒரு அடிக்கோட்டை டேப்பால் அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் கலசத்தின் கிடைக்கோணங்களைப் படியுங்கள். சைன் விதி தூரத்தைத் தந்துவிடும். பலகை ஸ்பிரிட் லெவலில் நிற்க வேண்டும், அடிக்கோடு மிகக் குட்டையாக இருக்கக்கூடாது. கோயில் வளாகத்துக்குள் முக்காலி வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும் என்பதால், கல்லூரித் தண்ணீர்த் தொட்டியில் பழகுவதே உத்தமம்.

இதே அடிக்கோட்டு வித்தையைத்தான் 1802-இல் அளவையாளர் லாம்டன் பரங்கிமலைக்குத் தெற்கே ஏழரை மைல் நீளத்துக்குச் செய்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கிருந்துதான் கிளம்பியது. அவருடைய தியோடலைட் அரை டன் எடை. 1808-இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்துவிட்டது. அதைத் தட்டி இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர அவருக்குப் பல வாரங்கள் பிடித்தன. உங்களுடையது பஸ்ஸில் நசுங்கினால் புதிய பாகைமானி வாங்கி ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மறுபடியும் கடலைப் பார்த்து, நூல் 90-இல் நிற்கிறதா என்று சரிபார்க்க வேண்டும், அல்லது வழக்கம்போல முதுகைக் காட்ட வேண்டும்.