கடிக்காமல் கண்டிப்பது எப்படி?

கே: எங்கள் 2 லிட்டர் கிரைண்டரை 5,200 ரூபாய்க்குக் கீழே விளம்பரம் செய்யக் கூடாது என்பது ஏற்பாடு. ஒரு டீலர் இணையத்தில் 4,699 போட்டிருக்கிறார். சண்டை போடவா?
- தயாரிப்பாளர், கோவை

ப: போட்டது அவர்தானா என்று முதலில் பாருங்கள். டீலர் 5,200 என்றே பதிந்திருக்க, தளமே தன் காசில் கூப்பன் கொடுத்து 501 ரூபாயை இறக்கியிருக்கலாம். தேதி, நேரம், விற்பவர் பெயர் தெரிய ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு பேசுங்கள். தளத்தின் தாராளத்துக்கு டீலர் ஏன் திட்டு வாங்கவேண்டும்?

கே: அவர்தான். கடிதத்தில் என்ன எழுத?
- அதே கோவைக்காரர்

ப: "ஐயா, வணக்கம். நேற்று காலை உங்கள் பக்கத்தில் எங்கள் கிரைண்டர் 4,699 ரூபாய் என்று இருந்தது, படம் இணைத்திருக்கிறேன். ஏற்பாட்டின்படி விளம்பர விலை 5,200. கவனிக்காமல் நேர்ந்திருக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் மாற்றிவிடுங்கள். மாறாவிட்டால் இந்த மாத விளம்பர உதவித்தொகையைத் தர இயலாது. விற்கும் விலை உங்கள் விருப்பம். இதைவிடக் குறைத்தும் விற்கலாம்."

கடைசி வரியைப் பணிவு என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். கடிதத்திலேயே விலைமதிப்புள்ள வரி அதுதான்.

கே: எம்.ஆர்.பி.க்குக் கீழே விற்பது குற்றமா?
- மாணவி, மதுரை

ப: எம்.ஆர்.பி. கூரை, அம்மா. எகிறினால்தான் இடிக்கும், தரையில் படுத்தவரைச் சட்டம் எழுப்பாது.

கே: 'குறைத்து விற்றால் சரக்கு கிடையாது' என்று ஒரே போடாகப் போட்டால்?
- மொத்த வியாபாரி, ஈரோடு

ப: போடலாம், போட்டி ஆணையம் திருப்பிப் போடும். டீலர்கள் தரும் தள்ளுபடிக்கு வரம்பு கட்டினார்கள் என்று 2021-இல் மாருதி சுசூகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வாடிக்கையாளர் வேஷத்தில் ஆள் அனுப்பி டீலர்களை வேவு பார்த்ததாகவும் ஆணையம் சொன்னது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது.

2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம், பிரிவு 3: மறுவிற்பனை விலையைக் கட்டிப்போடும் ஒப்பந்தம் போட்டியைக் கெடுத்தால் செல்லாது. 'குறைத்தும் விற்கலாம்' என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் அது விலைக்கட்டு ஆகாது. கோவைக்காரரே, அந்த வரி இதற்குத்தான்! ஆனால் இணையத்தில் விளம்பர விலையே பில் விலை. அங்கே வரி மட்டும் காப்பாற்றாது. கடிதம் தபாலுக்குப் போகுமுன் வக்கீலிடம் போகட்டும்.

கே: அமெரிக்காவில் கறாராக இருக்கிறார்களாமே?
- ஏற்றுமதியாளர், திருப்பூர்

ப: இருக்கலாம், தனியாக. 1919 கோல்கேட் வழக்கில், கொள்கையை முன்பே அறிவித்துவிட்டு, மீறுபவருக்குச் சரக்கு மறுக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் 'இனிமேல் செய்யமாட்டேன்' என்று எழுதி வாங்கினால் அது இருவர் உடன்பாடாகிவிடும். அங்கே சத்தியம் வாங்குவதுதான் வம்பு.

கே: கோவைக்காரர் எழுதுவதுபோல் எனக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது.
- டீலர், சேலம்

ப: தளம் அனுப்பும் கணக்கைப் பாருங்கள். கூப்பன் பணம் அவர்களுடையது என்றால் நகல் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். உங்களுடையது என்றால், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நேரமிருக்கிறது.