காதுகுத்துக்கு இரண்டு நாள் விடுப்பு: எழுதும் முறை

முதலில் ஒரு காலண்டர் தாளைக் கிழித்துக்கொள்ளுங்கள். நாள்காட்டியின் பின்பக்கத்தில் எழுதாத விடுப்பு விண்ணப்பம் எதுவும் அரசு அலுவலகத்தில் பிழைத்ததாக நான் பார்க்கவில்லை. நம் பாத்திரம் சேலத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர், குடியிருப்பு ஃபேர்லேண்ட்ஸ். 2025 ஆகஸ்டில் அவர் கிறுக்கியது இது:

"அக்கா பொண்ணு காதுகுத்து, அத்தனூர் அம்மன் கோவில், ஆவணி ரெண்டு, திங்க காலைல. மடி நம்ம மடி. தோடு எடுக்கணும் (பவுன் வெலை!). செவ்வா எந்திரிக்க முடியாது. வெள்ளி சனி ஞாயிறு எப்படியும் லீவு. வியாழனே கெளம்பிட்டா? சீட்டு யார் பாக்கறது, எதுத்த சீட்டு அண்ணன்கிட்ட சொல்லணும். ஐயா மூடு பாத்துக் குடுக்கணும்."

இதில் கவிதை இருக்கிறது, பாசம் இருக்கிறது, தங்கத்தின் விலை இருக்கிறது. விண்ணப்பத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: எந்தத் தேதிகள். மற்றதெல்லாம் அடுத்த நாற்பது நிமிடத்தில் "சொந்த அலுவல் காரணமாக" என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடும். காதுகுத்து, நிச்சயதார்த்தம், கிணறு வெட்டு, பங்காளிச் சண்டை, எதுவானாலும் அந்த மூன்று சொல் தாங்கும்.

அடுத்து, பொய்யைப் பற்றி ஒரு முடிவெடுங்கள். காய்ச்சல் என்று எழுத எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். வேறு ஊரில் இருப்பவர் எழுதலாம், ஃபேர்லேண்ட்ஸ்காரர் எழுதக்கூடாது. தெருவுக்குத் தெரு மருத்துவமனை உள்ள பகுதியில் குடியிருந்துகொண்டு காய்ச்சல் என்றால், "எந்த டாக்டர்கிட்டங்க காட்டுனீங்க?" என்று ஐயா கேட்பார். அக்கறையாகத்தான் கேட்பார். ஒருவேளை அவரும் அதே டாக்டரிடம் போகிறவராக இருப்பார். அதைத் தாண்டினாலும், சாயங்காலம் ஐந்து ரோட்டுப் பக்கம் தட்டுவடை செட்டை வாயில் வைக்கும் நேரத்தில் எதிரே வந்து நிற்பார். மருத்துவ விடுப்பென்றால் சான்றிதழ் வேண்டும், திரும்பி வரும்போது உடல்தகுதிச் சான்றும் வேண்டும். இரண்டு நாள் காதுகுத்துக்கு இரண்டு சான்றிதழ் என்பது நஷ்டக் கணக்கு.

எனவே தற்செயல் விடுப்பு. ஆண்டுக்கு 12 நாள். எடுக்காமல் மிஞ்சியது டிசம்பர் 31-ஆம் தேதியோடு செத்துப்போகும், அடுத்த ஆண்டுக்கு வராது. அதனால்தான் டிசம்பர் கடைசி வாரம் அரசு அலுவலகங்களில் மின்விசிறிகள் மட்டும் பணியில் இருக்கும். இந்த விடுப்பின் அழகு வேறிடத்தில் இருக்கிறது: விதிகளின் பார்வையில் இது விடுப்பே இல்லை. தற்செயல் விடுப்பில் இருப்பவர் பணியில் இருப்பதாகவே கருதப்படுகிறார். அக்கா மகளை மடியில் வைத்துக்கொண்டு, ஆசாரி ஊசியோடு நெருங்க, குழந்தை வீறிட, நீங்கள் அரசுப் பணியில் இருக்கிறீர்கள்.

இனி பேராசைக்கு வருவோம். காலண்டரைப் பாருங்கள். ஆகஸ்ட் 15 வெள்ளி, சுதந்திர தினம். 16 சனி, கிருஷ்ண ஜெயந்தி. 17 ஞாயிறு. இந்த மூன்றோடு 18, 19 சேர்ந்தால் ஐந்து நாள். இந்த இடத்தில் பேனா கொஞ்சம் தடுமாறும். வெள்ளிக்கிழமை 22 வரை நீட்டினால் என்ன? ஐந்து நாள் தற்செயல் விடுப்பு, முன்னால் மூன்று நாள் விடுமுறை, பின்னால் 23 சனி, 24 ஞாயிறு. மொத்தம் பத்து. தற்செயல் விடுப்பும் அதை ஒட்டிய விடுமுறைகளும் சேர்ந்து பத்து நாளைத் தாண்டக்கூடாது என்பது விதி. விளிம்பில் கச்சிதமாக நிற்கிறது, சட்டப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் நம்மவர் குறிப்பில் "வியாழனே கெளம்பிட்டா?" என்று ஒரு வரி இருக்கிறதே, அதையும் சேர்த்தால் 14 முதல் 24 வரை பதினொன்று. அந்த ஒரு வியாழக்கிழமைக்காக மொத்த விண்ணப்பமும் திரும்பி வரும். சரி, ஈட்டிய விடுப்பில் ஒரு நாளை ஒட்டிக்கொள்ளலாமே என்றால், தற்செயல் விடுப்பு மற்ற விடுப்போடு ஒட்டாது.

பத்து நாள் கேட்டால் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்று அடிப்படை விதி 67 சொல்கிறது. பிள்ளையார் சதுர்த்தி 27-ஆம் தேதி புதன்கிழமை வருகிறது என்பது ஐயாவுக்கும் தெரியும். அவர் மேசையிலும் காலண்டர் இருக்கிறது. இரண்டு நாளோடு நிறுத்துங்கள்.

இப்போது எழுதலாம். பழைய விண்ணப்பத்தை நகலெடுப்பதானால் விளியை முதலில் பாருங்கள். மாற்றலாகிப் போனவர் ஐயா, வந்திருப்பவர் அம்மா என்றால், உள்ளே நீங்கள் எவ்வளவு பணிவாக எழுதியிருந்தாலும் அவர் முதல் சொல்லிலேயே நின்றுவிடுவார்.

அனுப்புநர்
(பெயர்),
இளநிலை உதவியாளர், அ3 பிரிவு,
(அலுவலகம்), சேலம்.

பெறுநர்
அலுவலகத் தலைவர் அவர்கள்,
(அலுவலகம்), சேலம்.

வழி: கண்காணிப்பாளர், அ பிரிவு

ஐயா,

பொருள்: விடுப்பு – தற்செயல் விடுப்பு – 18.08.2025 மற்றும் 19.08.2025 – இரண்டு நாட்கள் – முந்தைய விடுமுறை நாட்களுடன் சேர்த்துத் துய்க்கவும் தலைமையிடம் விட்டுச் செல்லவும் அனுமதி கோருதல் – தொடர்பாக.

சொந்த அலுவல் காரணமாக எனக்கு 18.08.2025 மற்றும் 19.08.2025 ஆகிய இரு நாட்கள் தற்செயல் விடுப்பு வழங்குமாறும், 15.08.2025 முதல் 17.08.2025 வரையிலான விடுமுறை நாட்களை இவ்விடுப்பின் முன் இணைத்துக்கொள்ளவும், மேற்படி நாட்களில் தலைமையிடம் விட்டுச் செல்லவும் அனுமதி அளிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் பிரிவுப் பணிகளை அ4 பிரிவு உதவியாளர் கவனித்துக்கொள்ள இசைந்துள்ளார்.

இடம்: சேலம்
நாள்: 12.08.2025

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

பொருள் வரியில் கோடு கோடாகப் பிரித்திருப்பதைக் கவனியுங்கள். அலுவலகத்தில் யாரும் கடிதத்தைப் படிப்பதில்லை, பொருளைத்தான் படிப்பார்கள். வகை, தேதி, எத்தனை நாள், என்ன கேட்கிறாய், இவ்வளவும் அந்த ஒரு வரியில் வந்துவிட்டால் கண்காணிப்பாளர் பதிவேட்டில் இருப்பைப் பார்த்துக் குறிப்பெழுதி மேலே அனுப்பிவிடுவார். "விடுமுறை வேண்டி" என்று மட்டும் எழுதினால் அவர் உள்ளே படிக்க வேண்டும். அந்தக் கோபம் உங்கள் மேல்தான் திரும்பும்.

தலைமையிடம் விட்டுச் செல்வதை விட்டுவிடாதீர்கள். அத்தனூர் ராசிபுரம் பக்கம்தான், காலையில் போய் மதியம் திரும்பலாம். ஆனாலும் அது நாமக்கல் மாவட்டம். 1997 வரை எல்லாம் சேலம் மாவட்டமாகத்தான் இருந்தது என்ற வாதம் எடுபடாது. தலைமையிடம் என்பது நீங்கள் வேலை பார்க்கும் ஊர், மாவட்டம் அல்ல. அனுமதியில்லாமல் போயிருக்கும்போது அலுவலகத்திலிருந்து அவசரமாகக் கூப்பிட்டால், மொட்டையடித்த குழந்தையின் அழுகைச் சத்தம் தொலைபேசியில் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு நாள் கழித்து விண்ணப்பம் ஓரத்தில் பச்சை மையில் ஒரே சொல்லோடு திரும்பலாம்: "பேசவும்". பதற வேண்டாம், இது மறுப்பு அல்ல. போய் நில்லுங்கள். "என்னங்க விசேசம்?" என்று கேட்பார். சொந்த அலுவல் என்று எழுதிவிட்டோமே என்று இங்கேயும் மழுப்பாதீர்கள். "அக்கா பொண்ணுக்குக் காதுகுத்துங்க ஐயா, மடி நம்மளுதுங்க" என்று சொல்லுங்கள். எழுத்தில் இடமில்லாத காரணத்துக்கு வாயில் இடமுண்டு. எதிர் சீட்டு அண்ணனிடம் உண்மையிலேயே சொல்லிவிட்டீர்களா என்று அடுத்து கேட்பார். சொல்லவில்லையென்றால், ஐயா அறைக்குள் நுழையும் முன் பீரோ சாவியோடு அவரிடம் போய்விட்டு வாருங்கள்.